திடீர்ச் சுமையும் இரட்டிக்கும் தகைவும்: ஒரு பொறியியல் முடிவின் வரலாறு

ஓர் உருக்குத் தண்டின் மேல்முனையை இறுகப் பிணைத்து, கீழ்முனையில் ஒரு சுமையைத் தொங்கவிடுவதாகக் கொள்வோம். சுமையை மெல்ல மெல்ல ஏற்றினால், தண்டில் உண்டாகும் தகைவு சுமையைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்து வரும் அளவே. அதே சுமையைத் தண்டின் முனையைத் தொட்ட நிலையில் பிடித்திருந்து, சட்டென்று கையை எடுத்துவிட்டால், உச்சத் தகைவு இரு மடங்காகிறது. சுமை எந்த உயரத்திலிருந்தும் விழவில்லை. அதன் எடையும் கூடவில்லை. ஆனாலும் தகைவு இரட்டிக்கிறது. விசைகளின் சமநிலையை மட்டும் கொண்டு இதை விளக்க முடியாது. ‘வேலை’ என்ற அளவு பொறியியலில் நிலைபெற்ற பிறகே இந்த முடிவு தெளிவான வடிவம் பெற்றது என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஹூக் முதல் யங் வரை

நீட்சி விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற விதியை ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். சுமை ஓய்ந்து நிற்கும்போது தண்டு எவ்வளவு நீளும் என்பதை இவ்விதி சொல்லிவிடும். ஆனால் அந்த ஓய்வுநிலைக்குச் சுமை எவ்வழியாக வந்து சேர்ந்தது என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. மெதுவாக இறக்கினாலும் திடீரென விட்டாலும் இறுதி நீட்சி ஒன்றுதான். வேறுபாடு இடைவழியில் இருக்கிறது.

அந்த இடைவழியை நோக்கி முதல் அடி வைத்தவர் தாமஸ் யங். 1807-இல் அச்சான தம் சொற்பொழிவுகளில், மோதலைத் தாங்கும் திறனுக்குப் பொருளின் வலிமை மட்டும் போதாது, அது எவ்வளவு நீண்டு கொடுக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றார். விசையையும் நீட்சியையும் சேர்த்துப் பெருக்கிப் பார்க்கும் இந்தப் பார்வையில்தான் ஆற்றல் கணக்கின் வித்து இருக்கிறது.

பொன்செலேயின் விளக்கம்

1820களின் பிரான்சில், இயந்திரங்களின் பயனை அளக்க விசையையும் அது நகர்ந்த தூரத்தையும் பெருக்கும் முறை உறுதிப்பட்டது. கொரியோலி 1829-இல் வெளியிட்ட நூலில் அதற்கு ‘வேலை’ என்று பெயர் சூட்டியதுடன், இயக்க ஆற்றலில் பாதி என்னும் காரணியையும் சேர்த்தார். அதே காலத்தில் மெட்ஸ் நகரில் தொழிலாளர்களுக்கு மாலை வகுப்புகள் நடத்திய ழான் விக்தோர் பொன்செலே, இக்கருத்தைப் பொருள்களின் வலிமைக்குப் பொருத்தினார். திடீரென ஏற்றப்படும் சுமை, மெதுவாக ஏற்றப்படும் சுமையைப் போல இரு மடங்கு தகைவைத் தரக்கூடும் என்று தொழில்துறை இயந்திரவியல் பற்றிய தம் நூலில் அவர் நிறுவினார். பொருள்வலிமையியலின் வரலாற்றை 1953-இல் எழுதிய திமொஷென்கோவும் இம்முடிவைப் பொன்செலேயின் பங்களிப்பாகவே பதிவு செய்கிறார்.

எண்களில் ஒரு தண்டு

அந்த வாதத்தை இன்றைய அலகுகளில் செய்து பார்க்கலாம். தண்டின் நீளம் 2 மீட்டர், குறுக்குவெட்டுப் பரப்பு 100 சதுர மில்லிமீட்டர், சுமை 10 கிலோநியூட்டன். இது ஏறத்தாழ ஒரு டன் எடை. உருக்கின் யங் குணகத்தை 200 கிகாபாஸ்கல் எனக் கொண்டால், மெதுவாக ஏற்றும்போது தகைவு 100 மெகாபாஸ்கல், நீட்சி 1 மில்லிமீட்டர்.

சுமை 1 மில்லிமீட்டர் இறங்கும்போது 10 ஜூல் நிலையாற்றலை இழக்கிறது. தண்டின் எதிர்விசையோ சுழியத்தில் தொடங்கிப் படிப்படியாக 10 கிலோநியூட்டனுக்கு ஏறுகிறது. அதன் சராசரி 5 கிலோநியூட்டன் என்பதால், தண்டில் சேர்வது 5 ஜூல் மட்டுமே. மீதி 5 ஜூல் எங்கே போயிற்று? சுமையை மெல்ல இறக்கிய பாரந்தூக்கி அதை மேல்நோக்கிப் பிடித்தபடியே இறக்கியது. அந்தப் பிடிமானமே மீதி ஆற்றலை வாங்கிக்கொண்டது. அது பிரேக்கில் வெப்பமாகக் கரைந்தது.

திடீரென விடும்போது பிடிப்பவர் யாருமில்லை. 1 மில்லிமீட்டர் இறங்கிய கணத்தில் எடையும் எதிர்விசையும் சமமாகின்றன. ஆனால் அந்த 5 ஜூல் சுமையிடமே இயக்க ஆற்றலாக இருக்கிறது. நொடிக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் வேகத்தில் சுமை சமநிலைப் புள்ளியைக் கடந்து செல்கிறது. 2 மில்லிமீட்டரில்தான் அது நிற்கிறது. அங்கே சுமை இழந்தது 20 ஜூல். தண்டில் சேர்ந்ததும், சராசரி 10 கிலோநியூட்டன் விசையில், 20 ஜூல். விசை 20 கிலோநியூட்டன், தகைவு 200 மெகாபாஸ்கல். பிறகு சுமை மேலும் கீழும் அலைந்து, உராய்வால் தணிந்து, 1 மில்லிமீட்டரிலேயே ஓய்கிறது. ஆகவே இரட்டிப்பு என்பது முதல் அலைவின் உச்சத்தில் மட்டும் தோன்றி மறைவது. சுமை ஓய்ந்த பின் அளப்பவருக்கு அது தெரியாது. உச்ச நீட்சியைப் பதிவு செய்யும் கருவி வேண்டும்.

சாதாரண மென் உருக்கு சுமார் 250 மெகாபாஸ்கலில் நிலையாக நீளத் தொடங்கும். எனவே இந்தத் தண்டு தப்பிவிடும். சுமை 15 கிலோநியூட்டனாக இருந்தால், மெதுவாக ஏற்றும்போது 150 மெகாபாஸ்கல் என்று பாதுகாப்பாகத் தெரிவது, திடீரென விடும்போது கணக்கில் 300 ஆகி எல்லை மீறும். தண்டு மீளாத நீட்சியுடன் நின்றுவிடும்.

‘திடீர்’ என்பதற்கு அளவு

எவ்வளவு வேகமாக ஏற்றினால் அது திடீர்ச் சுமை? இக்கேள்வியை இருப்புப்பாதைப் பாலங்கள் கூர்மையாக்கின. 1847 மே 24-இல் இங்கிலாந்தின் செஸ்டர் அருகே டீ ஆற்றின் மீதிருந்த வார்ப்பிரும்புப் பாலம் ரயிலுடன் இடிந்தது. அதையடுத்து அமைந்த அரசு ஆணையத்துக்காக ராபர்ட் வில்லிஸ் சோதனைகள் செய்தார். 1849-இல் ஸ்டோக்ஸ் அதன் கணிதத்தை ஆராய்ந்தார். ஓடிவரும் சுமை ஒரே கணத்தில் பாலத்தின் நடுவில் வந்து அமர்வதில்லை என்பதால், பாலத்தின் அலைவுக் காலத்தையும் சுமை கடக்கும் நேரத்தையும் ஒப்பிட வேண்டும் என்பது இவ்வாய்வுகளிலிருந்து புலப்பட்டது.

நம் தண்டிலும் அளவுகோல் அதுவே. சுமையோடு சேர்ந்த அதன் அலைவுக் காலம் சுமார் 0.063 நொடி. சீரான வேகத்தில் 0.032 நொடிக்குள், அதாவது பாதி அலைவுக் காலத்தில், சுமையை ஏற்றினால் உச்சத் தகைவு 1.64 மடங்கு. ஒரு முழு நொடி எடுத்துக்கொண்டால் மிகை 2 விழுக்காட்டுக்கு மேல் போகாது. கைக்கு ‘வேகமாக’ எனத் தோன்றும் ஒரு நொடி, இந்தத் தண்டுக்கு மிக நிதானமான ஏற்றமே.

தண்டின் நிறையும் அலைகளும்

மேற்கண்ட கணக்கு தண்டின் நிறையைப் புறக்கணிக்கிறது. நம் தண்டின் நிறை சுமார் 1.6 கிலோகிராம், சுமையோ ஆயிரம் கிலோகிராமுக்கு மேல். தகைவலை உருக்கில் நொடிக்கு ஏறத்தாழ 5,000 மீட்டர் செல்வதால், 2 மீட்டரை 0.0004 நொடியில் கடந்துவிடும். அலைவுக் காலத்துக்குள் அது பலமுறை போய்வந்து தகைவைச் சீராக்கிவிடுகிறது. ஆகவே புறக்கணிப்பு செல்லும்.

தண்டின் நிறை சுமையின் நிறைக்கு நெருங்கும்போது இந்த எளிமை உடைகிறது. தண்டில் எடை மோதும் அச்சிக்கலை 1883 வாக்கில் பூசினெஸ்க், சென்-வெனான் ஆகியோர் அலைச் சமன்பாட்டால் தீர்த்தனர். நிறையற்ற மாறா விசை ஒன்று திடீரெனக் கீழ்முனையை இழுப்பதாகக் கொண்டாலும், பிணைத்த முனையில் இரண்டு என்ற எண்ணே வருகிறது. விசை எழுப்பிய அலை மேலே சென்று அசையாத பிணைப்பில் பட்டுத் திரும்பும்போது, போகும் அலையும் திரும்பும் அலையும் அங்கே கூடி இரட்டிக்கின்றன. விடை ஒன்றாக இருந்தாலும், தகைவு எந்த இடத்தில் எப்போது உச்சமடைகிறது என்பது வேறு.

முடிவு

இரட்டிப்பு விதி, சுமை தண்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் நிலைக்கு மட்டுமே உரியது. h உயரத்திலிருந்து விழுந்தால், ஓய்வுநிலை நீட்சியை δ எனக் கொள்ள, காரணி 1 + √(1 + 2h/δ) ஆகும். h சுழியமானால் இது 2 ஆகிவிடும். நம் தண்டில் வெறும் 5 மில்லிமீட்டர் தளர்வு இருந்தாலே காரணி 4.3, கணக்குத் தகைவு 430 மெகாபாஸ்கலைத் தாண்டும், அதற்கு முன்பே தண்டு மீள முடியாதபடி நீளத் தொடங்கியிருக்கும். எனவே தொங்கும் உறுப்பை வடிவமைப்பவர், சுமையின் எடையோடு இன்னும் இரண்டைக் கேட்டறிய வேண்டும்: அலைவுக் காலத்தோடு ஒப்பிட ஏற்றம் எத்தனை வேகமானது, இணைப்பில் தளர்வு உண்டா. தளர்வு இருக்குமானால், இரண்டால் பெருக்கி ஒதுக்கிய பாதுகாப்பு போதாது.