தங்க நகைச் சுங்கத் தீர்வை: நாடு திரும்பும் தொழிலாளர்

2026 தொடக்கம் வரை நடப்பிலிருந்த இந்தியாவின் 2016 பயண உடைமை விதிகளின்படி, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்பிய ஆண் 20 கிராம், பெண் 40 கிராம் நகையைத் தீர்வையின்றிக் கொண்டுவர முடிந்தது. ஆனால் மதிப்பு முறையே 50,000, 1,00,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்றிருந்தது. தங்க விலை ஏறியபின் எடை வரம்பு பெயரளவுக்கே நின்றது. இது தொழிலாளருக்கு இழைத்த அநீதி.

அவ்விதிகள் இருந்தபோது துபாயில் இரண்டாண்டு உழைத்துத் திருச்சியில் இறங்கிய ஆணிடம் கல் பதிக்காத 40 கிராம் சங்கிலி இருந்ததென்போம். கிராம் 8,000 ரூபாய் என்றால் மொத்தம் 3,20,000. விலக்கு போக மிச்சம் 2,70,000. ஆறு மாதம் வெளிநாட்டில் தங்கியோருக்கு 2024 ஜூலையில் குறைக்கப்பட்ட 6 விழுக்காட்டுச் சலுகை வீதப்படி தீர்வை 16,200 ரூபாய் ஆகியிருக்கும். அதை வெளிநாட்டு நாணயத்தில் கட்ட வேண்டியிருந்தது. கல் பதித்த நகைக்கு இச்சலுகை இருக்கவில்லை. அறிவிக்காமல் பச்சை வழியே போனால் நகை பறிமுதலாகலாம்.