பதினேழு விழுக்காட்டின் பின்னால் உள்ள தலைக்கணக்கு: இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண்ணை மறுபடி எண்ணுதல்

சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த வி. மோகனும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண் பற்றி எழுதுவோர் பலர், அதன் எதிர்மறை முன்கணிப்பு மதிப்பான 95.1 விழுக்காட்டை அந்தக் கருவியின் பலம் என்கிறார்கள். நேர்மறை முன்கணிப்பு மதிப்பான 17.0 விழுக்காட்டை அதன் பலவீனம் என்கிறார்கள். இரண்டுமே தவறான வாசிப்பு என்பது என் கருத்து. அந்த எண்களை ஆட்களின் எண்ணிக்கையாக மாற்றிப் பார்த்தால் இது தெரியவரும்.

மூல ஆய்வின் சுருக்கம் சொல்வது இது. சென்னை நகர்ப்புற கிராமப்புற நோய்ப்பரவல் ஆய்வின் முதல் கட்டத்தில் 26,001 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களில் பத்தில் ஒருவர் என 2,600 பேர் மூன்றாம் கட்டத்துக்கு அழைக்கப்பட்டு, 2,350 பேர் வந்தனர். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நீரிழிவு உண்டா என்ற நான்கையும் கொண்டு நூற்றுக்கு மதிப்பெண் போடப்பட்டது. 60 அல்லது அதற்கு மேல் பெற்றவர் ‘இடர் உள்ளவர்’. இந்த வரம்பில் உணர்திறன் 72.5, தனித்தன்மை 60.1, நேர்மறை முன்கணிப்பு 17.0, எதிர்மறை முன்கணிப்பு 95.1, மொத்தத் துல்லியம் 61.3 விழுக்காடு. நான் சோதிப்பது இந்த ஐந்து எண்களை மட்டுமே.

முதல் சோதனை எளிது. உணர்திறனும் தனித்தன்மையும் தெரிந்தால், ஒரு முன்கணிப்பு மதிப்பிலிருந்து அந்த மக்களிடையே நோய் எத்தனை விழுக்காடு இருந்தது என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். நோயுள்ளவர்களில் 72.5 விழுக்காட்டினரும் நோயில்லாதவர்களில் 39.9 விழுக்காட்டினரும் 60ஐத் தாண்டுகிறார்கள். ஆகவே வரம்பைத் தாண்டுவது ஒருவருக்கு நோயிருக்கும் வாய்ப்பு விகிதத்தை 1.82 மடங்கு ஆக்குகிறது. தாண்டியவர்களில் அந்த விகிதம் 17க்கு 83. அதை 1.82ஆல் வகுத்தால் தொடக்கத்தில் இருந்த விகிதம் கிடைக்கும், நோய்ப்பரவல் 10.1 விழுக்காடு. எதிர்மறை முன்கணிப்பிலிருந்து தனியாகக் கணக்கிட்டாலும் 10.1தான் வருகிறது. மொத்தத் துல்லியத்திலிருந்து 9.7 வருகிறது, அது ஒரு தசம இடத்துக்கு வட்டப்படுத்தியதால் விளையக்கூடிய வேறுபாடுதான். எனவே ஐந்து எண்களும் ஒரே மக்கள் கூட்டத்திலிருந்து வந்தவை என்று நம்பலாம். இது சாதாரண விஷயமல்ல. நோயாளிகளை ஒரு பக்கமும் நலமானவர்களை மறுபக்கமும் ஆய்வாளரே தேர்ந்து சேர்க்கும் ஆய்வுகளில் முன்கணிப்பு மதிப்புக்குப் பொருளே இருக்காது. இங்கே வந்தவர்களுக்கு இரண்டு மணி நேர இரத்தச் சர்க்கரைச் சோதனை மூலம் நோய் தீர்மானிக்கப்பட்டது.

இரண்டாவது சோதனையில்தான் சிக்கல். விழுக்காட்டுக்குப் பின்னால் முழு ஆட்கள் இருந்தாக வேண்டும். மொத்தம் 2,350 என்று வைத்துக்கொண்டு நோயுள்ளவர் எண்ணிக்கையை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். 10.1 விழுக்காட்டுக்கு 237 அல்லது 238 பேர் வர வேண்டும். ஆனால் 237 பேரில் 172 பேர் வரம்பைத் தாண்டினால் உணர்திறன் 72.6; 171 என்றால் 72.2. 72.5 வருவதில்லை. 238, 239 ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். 72.5 தருபவை 236உம் 240உம். 236இல் நேர்மறை முன்கணிப்பு 16.9ஐத் தாண்டுவதில்லை, 240இல் அது 17.1க்குக் கீழே இறங்குவதில்லை. வட்டப்படுத்தாமல் தசமத்தை வெட்டி எழுதியிருந்தால் என்ன என்றும் பார்த்தேன், அப்போதும் 17.0 வரவில்லை.

அப்படியானால் பிழையா? அவசரப்பட வேண்டியதில்லை. மொத்தத்தை 2,260 என்று எடுத்து, நோயுள்ளவர் 229, அவர்களில் வரம்பைத் தாண்டியவர் 166, நோயில்லாத 2,031 பேரில் தாண்டாதவர் 1,220 என்று வைத்தால் ஐந்து விழுக்காடுகளும் அப்படியே வந்துவிடுகின்றன. இதுவே உண்மையான எண்ணிக்கை என்று நான் சொல்லவில்லை. பொருந்தும் தொகுப்புகள் வேறும் உண்டு. 2,350 பேர் வந்தாலும் மதிப்பெண் கணக்கில் நுழைந்தவர்கள் அதைவிடக் குறைவு என்பதே மிக இயல்பான விளக்கம். இடுப்பளவோ குடும்ப வரலாறோ விடுபட்ட படிவங்கள் எந்த ஆய்விலும் இருக்கும். ஆனால் ‘2,350 பேரில் 17.0 விழுக்காடு’ என்று இரண்டையும் சேர்த்து மேற்கோள் காட்டுவது இனி செல்லாது. 0.1 விழுக்காட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்கள், பகுதி எண் எது என்று தெரியாத விழுக்காட்டை எதற்காக மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதைச் சொல்லட்டும்.

இனி 95.1. நோய்ப்பரவல் 10.1 என்றால், நாடாவும் படிவமும் இல்லாமல் வந்தவர் எல்லாரையும் ‘உங்களுக்கு நோயில்லை’ என்று அனுப்பினாலே 89.9 விழுக்காடு சரியாக இருக்கும். மதிப்பெண் சேர்த்தது ஐந்து புள்ளிகளைச் சற்றே மிஞ்சும், அவ்வளவுதான். அதே வேளையில் 229 பேரில் 63 பேர் ‘இடர் குறைவு’ என்ற சொல்லுடன் வீடு திரும்பியிருப்பார்கள். இது பலமென்று எனக்குத் தோன்றவில்லை. 17.0 பலவீனமும் அல்ல. இரத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டியவர்களைப் பாதிக்கும் கீழாகக் குறைத்து, அவர்களில் ஆறில் ஒருவரிடம் நோயைக் கண்டுபிடிப்பது முதற்கட்டச் சல்லடைக்குப் போதுமானது.

ஆனால் இந்த எண்கள் சென்னையின் எண்கள். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தின் இரும்பை போன்ற ஊரில் முகாம் போடுபவர் அதே 17ஐ எதிர்பார்க்கலாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இந்தியாப் ஆய்வு 2011இல் தமிழகக் கிராமப்புறத்தில் நீரிழிவு 7.8 விழுக்காடு என்றது. அதில் ஏற்கெனவே தெரிந்தவர்களும் அடக்கம். கண்டறியப்படாதவர் ஏறத்தாழ 4 விழுக்காடு என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், ஆயிரம் பேரில் நோயுள்ள 40 பேரில் 29 பேரும் நோயில்லாத 960 பேரில் 383 பேரும் வரம்பைத் தாண்டுவர். நேர்மறை முன்கணிப்பு 7; எதிர்மறை 98. கருவி மாறவில்லை, ஊர்தான் மாறியிருக்கிறது.

உணர்திறனும் தனித்தன்மையும்கூட அப்படியே வரும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். 52 வயதுப் பெண் ஒருவர் நாற்று நடும் வேலைக்குப் போகிறவர், இடுப்பளவு 84 சென்டிமீட்டர் என்று கொள்வோம். வயதுக்கு 30, இடுப்புக்கு 10. கடின உழைப்பு உண்டு, தனியாக உடற்பயிற்சி இல்லை என்பதால் 20. பெற்றோருக்குச் சர்க்கரை இல்லை என்கிறார்; 0. மொத்தம் 60, இடர் உள்ளவர். வயல் வேலையே போதுமென்று எண்ணி செவிலியர் உழைப்புக்குச் சுழியம் போட்டால் 40, வீட்டுக்குப் போகலாம். பெற்றோர் ஒருநாளும் சோதித்துக்கொள்ளாமலே இறந்திருந்தால் அந்த ‘இல்லை’ தெரியாது என்பதற்குச் சமம். படிவத்தில் அதற்குக் கட்டமில்லை. போதாக்குறைக்கு, 60 என்ற வரம்பு அதே சென்னைத் தரவிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டது. தன் தரவிலேயே அளக்கப்படும் மதிப்பெண் வெளியூரில் சற்றுக் குறைவாகவே செயல்படும் என்று எதிர்பார்ப்பதே முறை.

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் இந்த மதிப்பெண்ணைச் சோதித்து எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். விழுக்காடுகளுக்கு மேலே, சரியாகப் பிடிபட்டவர், தவறாகப் பிடிபட்டவர், தப்பியவர், சரியாக விடப்பட்டவர் என்ற நான்கு தலைக்கணக்குகளையும், மதிப்பெண் முழுமையடையாமல் கழிக்கப்பட்டோர் எத்தனை பேர் என்பதையும் அச்சிடுங்கள்.