ஹேவிளம்பி வருஷத்துக் கடைக்கணக்கு

போன மாதம் ஒரு நாள் காலையில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது கைப்பேசியில் ஒரு படம் வந்து விழுந்தது. பழுப்பேறிய ஒரு நோட்டுப் பக்கம். மேலே வணக்கம் இல்லை, கீழே ஒரு வரி இல்லை. அனுப்பியவர் பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் வீட்டுப் பையன். பையன் என்கிறேனே தவிர அவருக்கு நாற்பது வயது இருக்கும்.

என்ன வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் ஆபீசில் பில்லும் ரசீதும் பார்த்த புத்தி எனக்கு. ஒரு கணக்குத்தாள் கண்ணில் பட்டால் முதலில் கூட்டிப் பார்க்கத்தான் தோன்றும். கேள்வி பிறகு வரட்டும் என்று மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

அது ஒரு மளிகைக் கடையின் பற்று வரவு நோட்டு. ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு பக்கம். தலைப்பில் பெயர், அதன் கீழே ஹேவிளம்பி௵ வைகாசி௴ என்று இருந்தது. ௵ என்பது வருஷத்துக்கும் ௴ என்பது மாதத்துக்கும் உள்ள குறி. தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு முறை திரும்பி வருமாதலால், ஹேவிளம்பி என்று மட்டும் சொன்னால் அது 1897 ஆகவும் இருக்கலாம், 1957 ஆகவும் இருக்கலாம், 2017 ஆகவும் இருக்கலாம். கணக்கு ரூபாய் அணாவில் இருந்ததால் 2017 அடிபட்டது. ஓரத்தில் பென்சிலால் 'ந.பை.' என்று எழுதி, 4க்கு 25, 8க்கு 50 என்று ஒரு குட்டி வாய்ப்பாடு போட்டிருந்தார்கள். நயா பைசா புழக்கத்துக்கு வந்தது 1957 ஏப்ரல் 1ஆம் தேதி. ஆகவே இது அந்த வருஷத்து வைகாசி, மே மாதம் நடுவில் தொடங்குவது. கையில் புதுக்காசு வந்துவிட்டது, நோட்டில் இன்னும் பழைய அணாதான்.

அந்தக் காலத்தில் பல கடைகள் இங்கிலீஷ் எண்களுக்கு மாறிவிட்டிருந்தன. இந்தக் கணக்கை எழுதியவர் பழைய கை. எண்கள் எல்லாம் தமிழ் எண்கள். இருபத்தொன்று என்றால் ௨௰௧, அதாவது இரண்டு, பத்து, ஒன்று. பூஜ்யம் கிடையாது. அணாவை எண்ணாக எழுதாமல் ரூபாயின் பின்னமாக எழுதியிருந்தார். பதினாறு அணா ஒரு ரூபாய், எனவே ஓர் அணா ஒரு வீசம். நாலணா கால், எட்டணா அரை, பன்னிரண்டணா முக்கால். நடுவில் உள்ளதற்கு இரண்டு குறி சேரும். ஏழணா என்றால் காலும் மூன்று வீசமும். இந்த வழக்கம் தெரியாதவர் கால் குறியை 'வ' என்ற எழுத்தாகப் படித்துவிட்டு என்ன சாமான் இது என்று தேடிக்கொண்டிருப்பார்.

நான் படித்தது புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில். தமிழ் எண்கள் வாத்தியாரிடம் கற்றதல்ல, தாத்தாவின் மடியில் கற்றது. பாட்டி கடைசி வரை எட்டு ஃபனோன் ஒரு ரூபாய் என்ற பிரெஞ்சுக் கணக்கில்தான் பேசுவாள். ஒரு ஃபனோன் என்பது இரண்டணா. பிரெஞ்சுக்காரர்கள் எழுதும் 1, தலையில் நீண்ட கொக்கியோடு மற்றவர் எழுதும் 7 மாதிரியே இருக்கும். ஏழுக்கு நடுவில் ஒரு கோடு இழுத்தால்தான் வித்தியாசம் தெரியும். ஊர் மாறி இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது நான் எழுதிய 1ஐ ஏழாகப் படித்து ஒரு வவுச்சரைத் திருப்பி அனுப்பினார்கள். எண்ணின் உருவம் கையின் பழக்கம்தான் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

சரி, பக்கத்துக்கு வருவோம். தெளிவாகப் படிக்க முடிந்த பற்றுகள் ஏழு. முன் பாக்கி 18 ரூபாய் 6 அணா. அரிசி 4 ரூபாய் 12 அணா. நல்லெண்ணெய் 1 ரூபாய் 7 அணா. துவரம்பருப்பு 14 அணா, வெல்லம் 12 அணா, மண்ணெண்ணெய் 5 அணா, புளியும் மிளகாயும் 15 அணா. ரூபாயும் அணாவும் கலந்து கூட்டினால் எங்காவது சறுக்கும் என்று எல்லாவற்றையும் அணாவாக்கினேன். 294, 76, 23, 14, 12, 5, 15. கூட்டினால் 439 அணா, அதாவது 27 ரூபாய் 7 அணா.

பிரெஞ்சுப் பள்ளியில் 'ப்ரூவ் பர் நஃப்' என்று ஒன்பதால் சரிபார்க்கும் வித்தை சொல்லித் தருவார்கள். ஒவ்வொரு எண்ணின் இலக்கங்களையும் ஓர் இலக்கம் வரும்வரை கூட்டுவது. 294 ஆறாகும், 76 நாலாகும். இப்படி ஏழும் சேர்ந்து 34, அது 7. விடை 439 என்பதும் 16 ஆகி 7 ஆகிறது. பொருந்திவிட்டது. ஆனால் இது என் கூட்டலுக்குத்தான் சாட்சி. நான் எழுத்தைத் தப்பாகப் படித்திருந்தால் ஒன்பது வந்து காப்பாற்றாது.

இன்னொன்றும் செய்யவில்லை. ஒவ்வொரு வரியையும் நயா பைசாவாக மாற்றிவிட்டுக் கூட்டவில்லை. சர்க்கார் வாய்ப்பாட்டில் அரைப் பைசாவும் அதற்குக் குறைவும் தள்ளுபடி, அரைக்கு மேல் போனால் ஒரு பைசா. வரிவரியாக மாற்றினால் இதே ஏழும் 27 ரூபாய் 43 பைசா ஆகிறது. அணாவிலேயே கூட்டிக் கடைசியில் ஒரே முறை மாற்றினால் 44 பைசா. ஒரு பைசாதானே என்பீர்கள். ஆபீசில் ஒரு பைசா இடித்தால் ராத்திரி எட்டு மணி வரை உட்கார வைப்பார்கள்.

வரவில் தெளிவானது ஒன்றே ஒன்று, 6 ரூபாய். கழித்தால் 21 ரூபாய் 7 அணா நிற்கிறது. தறியிலிருந்து சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் நெசவாளிக்குக் கூலி கைக்கு வரும், அதுவரைக்கும் கடைதான் சோறு போடும். எனவே பக்கத்தில் எட்டுப் பத்துப் பற்றும் ஒன்றிரண்டு வரவும் இருப்பதில் அதிசயமில்லை.

மீதி இரண்டு வரிகளில்தான் நான் சிக்கிக்கொண்டேன்.

முதலாவது, 'ரொக்கம் ௫' என்ற வரி. ஐந்து ரூபாய் சந்தேகமில்லை. கொடுத்ததா வாங்கியதா என்பதுதான் சந்தேகம். பழைய கணக்கர்கள் பற்றுக்கு ௶ என்றும் வரவுக்கு ௷ என்றும் ஒரு குறி போடுவார்கள். இந்த வரியில் அந்தக் குறியின் மேல் எண்ணெய்க் கறை படிந்து தலைப்பகுதி போய்விட்டது, வால் மட்டும் மிச்சம். பற்றானால் கடைக்காரர் கைமாற்றாகக் கொடுத்த ஐந்து ரூபாய். வரவானால் இவர் கடைக்குக் கட்டிய ஐந்து ரூபாய். பாக்கியில் பத்து ரூபாய் வித்தியாசம்.

இரண்டாவது, 'அரிசி ௸'. ௸ என்றால் மேற்படி. ரூபாய் இடத்தில் இருப்பது ௧ஆ ௪ஆ என்று தெரியவில்லை. கிட்டத்தட்ட 'க'வும் 'ச'வும் போல, வேகமாக எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதன் பின் முக்கால் குறி தெளிவு. ஆக 1 ரூபாய் 12 அணா, அல்லது 4 ரூபாய் 12 அணா. மேலே உள்ள அரிசியும் 4 ரூபாய் 12 அணாதானே, மேற்படி என்றும் போட்டிருக்கிறதே, நாலாகத்தான் இருக்கும் என்று கை துறுதுறுத்தது. அப்படி எழுதக்கூடாது. மேற்படி என்பது சாமானுக்கா விலைக்கா என்று யாருக்குத் தெரியும்?

இரண்டு சந்தேகமும் சேர்ந்து பாக்கி நாலு விதமாகும். ரொக்கம் பற்று என்றால் 28 ரூபாய் 3 அணா, அல்லது 31 ரூபாய் 3 அணா. வரவு என்றால் 18 ரூபாய் 3 அணா, அல்லது 21 ரூபாய் 3 அணா. பக்கத்தின் அடியில் கடைக்காரரே போட்ட மொத்தம் இருக்கிறது, ஆனால் ரூபாய் இருந்த மூலை கிழிந்துபோய் மூன்று வீசம் மட்டும் நிற்கிறது. மூன்று அணா. பொருந்துகிறது என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் உறைத்தது, நாலு விடையிலும் மூன்று அணாதான். என் சந்தேகம் இரண்டும் ரூபாயில், அணாவை அவை தொடவே இல்லை. அந்த மூன்று வீசம் தெளிவான வரிகளின் அணாவை நான் சரியாகப் படித்ததற்கு மட்டுமே அத்தாட்சி.

வரிவரியாகத் தாளில் எழுதி, இரண்டு வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, நாலு விடையையும் கீழே எழுதிப் படமெடுத்து அனுப்பினேன். 'அடுத்த பக்கம் இருந்தால் அனுப்புங்கள், முதல் வரி போதும்' என்று சேர்த்தேன்.

சாயங்காலம் அது வந்தது. ஆனி மாதம். முன் பாக்கி ௨௰௧, மூன்று வீசம். கடைசி எண் இங்கேயும் ௧ஆ ௪ஆ என்று கேட்கலாம். ஆனால் நாலு விடையில் 24 இல்லை, 21தான் உண்டு. ௨ என்பது ௩ ஆகாது, எனவே 31ம் இல்லை. அப்படியானால் அரிசி 4 ரூபாய் 12 அணா, ரொக்கம் ஐந்து ரூபாய் வரவு.

பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

"சார், அந்த அஞ்சு ரூபா தாத்தா குடுத்ததுதானா?"

"குடுத்ததுதான் தம்பி. ஏன்?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார். பழைய கடைக் கட்டடத்தை இடிக்கும்போது கடைக்காரர் வீட்டுப் பேரன் இந்த இரண்டு தாளையும் பார்த்துத் தாத்தாவின் பெயர் இருக்கிறதே என்று கொண்டுவந்து கொடுத்தாராம். இவர் வீட்டில் வெகுகாலமாக ஒரு பேச்சு: தாத்தா கடைக்காரரிடம் கைமாற்று வாங்கித் திருப்பாமலே போய்விட்டார் என்று. அத்தை ஒருத்தி கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவில் அதைச் சொல்லி, இவருடைய அப்பா பந்தியிலிருந்து பாதியில் எழுந்து போயிருக்கிறார்.

"அப்போ கடன் இல்லேன்னு அத்தைகிட்ட சொல்லலாமா சார்?"

சொல்ல முடியாது என்றேன். வைகாசியில் அந்த ஐந்து ரூபாய் கைமாற்று இல்லை, இவர் கட்டிய பணம். அவ்வளவுதான் இந்தத் தாள் சொல்லும். ஆனி பிறக்கும்போது 21 ரூபாய் 3 அணா பாக்கி இருந்ததும் உண்மை. அது பிறகு தீர்ந்ததா என்பது நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும், அது நம்மிடம் இல்லை. கைமாற்று வேறொரு மாதத்திலும் நடந்திருக்கலாம். கோர்ட்டிலேயே கூட கடைக்கணக்குப் புத்தகம் சாட்சியாகச் செல்லும், ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவரைக் கடனாளி ஆக்க முடியாது.

"இருபத்தோரு ரூபாய்க்கு இன்னைக்கு என்ன சார் வரும்? அவங்க பேரன்கிட்ட குடுத்துடறேன்."

அந்தக் கணக்கை நான் போட்டுத் தரவில்லை. பாக்கி என்று தெரியாத ஒன்றுக்கு விலை எப்படிப் போடுவது? முதலில் மற்ற தாள்கள் எங்கே போயின என்று அந்தப் பேரனைக் கேட்கச் சொன்னேன். இடித்த சாமான்களோடு பழைய பேப்பர் கடைக்குப் போன மூட்டை ஒன்று உண்டாம். மறுநாளே தேடிப் போயிருக்கிறார்.

நேற்று மூன்றாவது படம் வந்தது, இந்த முறையும் ஒரு வார்த்தை இல்லாமல். ஆடி மாதம், பாதித் தாள். பதினொரு வரியில் எட்டைப் படித்து எழுதி அனுப்பியிருக்கிறேன். இரண்டு வரிக்குக் கேள்விக்குறி. ஒரு வரியைக் கரையான் தின்றிருக்கிறது, அதற்கு இடம் விட்டிருக்கிறேன்.