விரிந்த இடைவெளி, விலகாத இணைப்பு: காலரா நோயாளியின் குடல் எபிதீலியத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வாசித்தல்

காலராவைப் பற்றிய பாடநூல் வாக்கியம் ஒன்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மாறாமல் இருக்கிறது: நோயாளி நீராய்க் கரைந்தாலும் அவருடைய குடலின் எபிதீலியம் குலையாமல் இருக்கும். இந்த வாக்கியம் ஒளி நுண்ணோக்கியில் பிறந்தது. அது பிறந்த இடத்துக்குள் முழு உண்மை. ஆனால் 1995இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மின்னி மாத்தன், வி. ஐ. மாத்தன் முதலியோர் காலரா நோயாளிகளின் மேற்சிறுகுடல் திசுத்துணுக்குகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து வேறொரு காட்சியை வெளியிட்டார்கள். குடலுறிஞ்சிகளைப் போர்த்திய செல்களுக்கு இடையே உள்ள வெளி விரிந்திருந்தது. செல்களின் மேல்முனையில் அவற்றைப் பிணைக்கும் இணைப்புத் தொகுதி மாறியிருந்தது. நோயின் கடுமை கூடக்கூட இவை மிகுதியாகக் காணப்பட்டன. இவ்விரு கூற்றுகளும் முரண்பட்டவை என்றே முதல் பார்வையில் தோன்றும். அவை முரண்படவில்லை என்பதும், முரண்போல் தோன்றுவதற்குக் காரணம் ‘இடைவெளி’யையும் ‘இணைப்பை’யும் நாம் ஒன்றாகப் படிப்பதே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இந்த ஆய்வு வேலூரில் நடந்ததில் வியப்பில்லை. குடல் நோய்கள் ஊர் ஊராகப் பரவிய வட்டாரம் அது. வேலூர்க் குழுவினர் காலராவுக்கு வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1975இல், வெப்பமண்டல ஸ்புரூ நோயாளிகளுடைய குடல் செல்களின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களை, தென்னிந்தியாவிலேயே வாழும் நோயற்றவர்களின் படங்களோடு ஒப்பிட்டு வெளியிட்டிருந்தார்கள். இந்த வட்டாரத்து ‘இயல்பான’ குடல் எப்படி இருக்கும் என்று அறிந்த கண்களே பின்னர் காலராவைப் பார்த்தன. கீழே வரும் ஆட்சேபங்களை எடைபோடும்போது இதை மறக்கக் கூடாது.

படத்தில் எதைப் பார்க்கிறோம் என்பதை முதலில் வரையறுக்க வேண்டும். சிறுகுடலின் உறிஞ்சும் செல் ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் நுண்ணுறிஞ்சிகள் நெருக்கமாக நிற்கின்றன. ஒன்றின் நீளம் ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர். குறுக்களவு அதில் பத்தில் ஒரு பங்கு. ஒளி நுண்ணோக்கியின் பிரித்தறியும் எல்லை 0.2 மைக்ரோமீட்டர் என்பதால் அங்கே அவை தனித்தனியாகத் தெரியாமல் ஒரு கோடிட்ட விளிம்பாக மட்டுமே தெரியும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒவ்வொன்றுக்குள்ளும் ஆக்டின் இழைக் கற்றை செங்குத்தாக இறங்குவது தெரிகிறது. மூச்சுக்குழாயில் உள்ள குற்றிழைகளோடு இவற்றைக் குழப்பக் கூடாது. குற்றிழை தடிப்பானது, ஒன்பது இணை நுண்குழல்கள் நடுவில் உள்ள இரண்டைச் சூழ்ந்த அமைப்புக் கொண்டது, அசைவது. நுண்ணுறிஞ்சியில் நுண்குழல் இல்லை. நுண்ணுறிஞ்சிகளுக்குச் சற்றுக் கீழே, இரு செல்கள் சந்திக்கும் பக்கச்சுவரில், 1963இல் மரிலின் ஃபார்குவாரும் ஜார்ஜ் பலாடேயும் விவரித்த மூன்றடுக்குத் தொகுதி உள்ளது. மேலே இருப்பது இறுக்க இணைப்பு. அங்கே இரு சவ்வுகளின் வெளி அடுக்குகள் ஒன்றோடொன்று தொட்டு ஒட்டியிருக்கும். அதன் கீழே ஒட்டும் இணைப்பு. அங்கே சவ்வுகளுக்கு இடையே சுமார் 20 நானோமீட்டர் இடம் உண்டு. இவ்விரண்டும் செல்லைச் சுற்றி வளையமாக ஓடுபவை. மூன்றாவதான டெஸ்மோசோம் வளையமன்று, தனித்தனிப் புள்ளி. இருபுறமும் அடர்ந்த தகடும் அதில் வந்து சேரும் கெரட்டின் இழைகளும் கொண்ட அது செல்களைப் பிடித்து நிறுத்துமே தவிர, நீரைத் தடுக்காது. இதற்கும் கீழே அடித்தளம் வரை நீள்வதுதான் பக்க இடைவெளி.

எனவே பக்க இடைவெளி விரிந்திருக்கிறது என்பது ஒரு செய்தி. இறுக்க இணைப்பு மாறியிருக்கிறது என்பது முற்றிலும் வேறொரு செய்தி. குடலின் உள்வெளிக்கும் உடலுக்கும் இடையே உள்ள எல்லை இறுக்க இணைப்பில் இருக்கிறது, பக்க இடைவெளியில் இல்லை. பக்க இடைவெளி எவ்வளவு விரிந்தாலும் மேலே உள்ள வளையம் தொடர்ச்சியாக இருக்கும்வரை எபிதீலியம் உடைந்ததாகாது. டார்மியும் டயமண்டும் 1967இல் முயலின் பித்தப்பையில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். நீர் கடந்து செல்லும்போது பக்க இடைவெளிகள் விரிந்தன. ஓட்டத்தை நிறுத்தியதும் சுருங்கின. செல்களுக்கு எந்தக் கேடும் இல்லை. ஆகவே விரிவு என்பது நீர் சென்ற வழியின் தடம். காலராவில் நீர் எதிர்த்திசையில், உடலிலிருந்து குடலுக்குள் பாய்கிறது. ஓட்டம் மிகுந்தவரிடம் தடமும் மிகுந்திருப்பது எதிர்பார்க்கக் கூடியதே.

இங்கே எழும் முதல் ஆட்சேபம் எலக்ட்ரான் நுண்ணோக்கியரின் பழைய ஆட்சேபம்: இவையெல்லாம் திசுவைப் பதப்படுத்தியதில் வந்த பிழையாக இருக்கலாமே? குளூட்டரால்டிஹைடு கரைசலின் ஊடுபரவல் அடர்த்தி திசுவைவிட மிகுந்தால் செல்கள் சுருங்கும், இடைவெளி விரியும். குறைந்தால் செல்கள் உப்பும், இடைவெளி மூடும். இது உண்மைதான். ஆனால் சுருக்கப் பிழை என்றால் அது திசுத்துணுக்கு முழுவதும் பரவியிருக்க வேண்டும். வேலூர்ப் படங்களில் மாற்றம் முதன்மையாகக் குடலுறிஞ்சிகளின் எபிதீலியத்தில் இருந்தது. அடியில் உள்ள குழிகளில் அந்த அளவுக்கு இல்லை. ஒரே கரைசல், ஒரே துணுக்கு, இரண்டு இடங்கள், இரண்டு தோற்றங்கள். லேசான நோய் உள்ளவரிடம் குறைவாகவும் கடுமையான நோய் உள்ளவரிடம் மிகுதியாகவும் காணப்பட்டதும் கரைசலால் விளைய முடியாது. நோயாளியின் உடலே வறண்டிருப்பதால் அவருடைய திசு வேறுவிதமாக நடந்துகொள்ளும் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் காலராவில் நீரும் உப்பும் ஏறத்தாழ இரத்த நீர்மத்தின் விகிதத்திலேயே வெளியேறுகின்றன. எனவே குருதியின் ஊடுபரவல் அடர்த்தி பெரிதாக மாறுவதில்லை.

இந்த ஆட்சேபத்துக்கு இதைவிட நுட்பமான வடிவம் ஒன்று உண்டு. அதை யாரும் உரக்கச் சொல்லாதது எனக்கு வியப்பே. உணவை உறிஞ்சிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சியின் நுனியில் சோடியம் குவிவதால் அங்கே ஊடுபரவல் அடர்த்தி குருதியைவிடக் கூடுதலாக இருக்கும். குழிகளில் அப்படி இருக்காது. காலராவில் உறிஞ்சுதல் தடைப்பட்டு இந்தக் குவிப்பு தளர்ந்தால், அதே கரைசல் நோயற்றவரின் நுனியை உப்பச் செய்யும், நோயாளியின் நுனியை உப்பச் செய்யாது. ஒப்பிட்டுப் பார்க்கும்போது நோயாளியின் இடைவெளி விரிந்ததுபோல் தோன்றும். இது மேலே சொன்ன இரு பதில்களையும் தாண்டி நிற்கிறது, ஏனெனில் இந்தப் பிழையும் குடலுறிஞ்சியில் மட்டுமே தெரியும், நோயின் கடுமையோடு கூடவும் செய்யும். ஆயினும் இதன் வலு அரைகுறையானதுதான். நுனியின் குவிப்பு உறிஞ்சும் வேளையில்தான் பெரிது. குடல் திசு எடுப்பது வழக்கமாக வெறும் வயிற்றில். மேலும் இது பக்க இடைவெளியை மட்டுமே விளக்கும். மேல்முனை இணைப்புத் தொகுதியின் மாற்றத்தை விளக்காது.

இரண்டாம் ஆட்சேபம் உடலியங்கியலிலிருந்து வருவது, இதைவிடக் கனமானது. இணைப்புகள் திறந்திருந்தால் குருதிப் புரதம் குடலுக்குள் கொட்ட வேண்டும். காலரா மலமோ அரிசி கழுவிய நீர்போல இருக்கிறது. அதில் புரதம் மிகக் குறைவு. அப்படியானால் படம் பொய்யா? இல்லை, ‘திறந்தது’ என்ற சொல்லுக்கு நாம் கொடுத்த பொருள்தான் தவறு. இறுக்க இணைப்பு திறப்பதும் மூடுவதும் மட்டுமே தெரிந்த கதவு அன்று. அயனிகளையும் நீரையும் விடும் நுண்துளை ஒரு நானோமீட்டருக்கும் குறைவான அகலம் உடையது. அல்புமின் மூலக்கூறின் அளவோ சுமார் 7 நானோமீட்டர். இணைப்பு தளர்ந்து உப்பும் நீரும் முன்னைவிட எளிதாகக் கசியலாம். அப்போதும் புரதம் உள்ளேயே நிற்கும். புரதமற்ற மலம் எபிதீலியம் உடையவில்லை என்பதை நிறுவுகிறது. அது தளரவில்லை என்பதை நிறுவவில்லை.

மூன்றாவதாக, உப்புச் சர்க்கரைக் கரைசலை முன்வைத்து எழும் மறுப்பு. காலராவின் நடுவிலும் குளுக்கோஸோடு சோடியம் உறிஞ்சப்படுகிறது. வாய்வழி நீரேற்றம் வெற்றி பெற்றதே அதனால்தான். அந்தக் கடத்திப் புரதம் நுண்ணுறிஞ்சிகளின் சவ்வில் இருக்கிறது. ஆகவே மேற்பரப்பு நலமாக உள்ளது, மாற்றம் எதுவும் இல்லை என்கிறார்கள். முதற்பாதியை முழுமையாக ஏற்கலாம். பிற்பாதிக்கு எதிராகவே சான்று இருக்கிறது. 1987இல் மதாராவும் பாப்பன்ஹைமரும் நலமான விலங்குக் குடலில் குளுக்கோஸைச் செலுத்தியபோது, இறுக்க இணைப்புக்குள்ளேயே சிறு விரிவுகள் தோன்றின. அதை ஒட்டி ஓடும் ஆக்டின், மயோசின் வளையம் சுருங்கித் திரண்டிருந்தது. அதாவது, ஒரு கவளம் சர்க்கரைக்கே இணைப்பு தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும். மாற்றத்தைக் கண்ட இடத்திலெல்லாம் சேதம் என்று எழுதுவது இயல்பான உடலியக்கத்தையே நோய் என்று பெயரிடுவதாகும்.

அப்படியானால் காலராவில் இணைப்பைத் தளர்த்துவது எது? காலரா நச்சு செல்லுக்குள் சுழற்சி ஏஎம்பி அளவை உயர்த்திக் குளோரைடை வெளியேற்றுகிறது என்பது நிறுவப்பட்டது. இறுக்க இணைப்பைத் தாக்கும் தனி நச்சு ஒன்றும் விப்ரியோவிடம் உண்டு என்று 1991இல் ஃபசானோ குழுவினர் முயல் குடலில் காட்டினார்கள். அதே புரதம் காலரா நச்சின் மரபணுவைச் சுமக்கும் வைரஸின் உருவாக்கத்துக்கும் தேவைப்படுகிறது என்பதால், நோயில் அதன் பங்கு தெளிவற்றே நிற்கிறது. வேலூர்ப் படங்களில் மாஸ்ட் செல்களும் குடலின் சுரப்புச் செல்களும் தம் மணிகளை வெளியேற்றியிருந்தன. ஆகவே நரம்பு, இரத்தக்குழல் வழியான தூண்டுதலைக் காரணம் காட்டுவது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் இணைப்பு தளர்ந்ததால் நீர் பாய்ந்ததா, நீர் பாய்ந்ததால் இணைப்பு தளர்ந்ததா என்பதை நின்றுபோன ஒரு படம் சொல்லாது. அதைச் சொல்ல வைக்க முயல்வதுதான் இத்துறையின் நெடுநாள் பலவீனம்.

இன்னொரு வரம்பையும் சொல்லியாக வேண்டும். ஒரு மெல்லிய வெட்டு சுமார் 70 நானோமீட்டர் தடிப்பு. செல்லின் அகலம் 8 மைக்ரோமீட்டர் என்றால், ஒரு படம் அந்தச் செல்லின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வளையமாக ஓடும் இணைப்பில் ஓரிடத்தில் அறுந்திருந்தால் அது நம் வெட்டில் அகப்படாமல் போகலாம். சாய்வாக வெட்டுப்பட்ட நலமான இணைப்போ மங்கித் தெரிந்து, அறுந்ததுபோல் ஏமாற்றலாம். துணுக்கைத் தாங்கும் மேடையைச் சாய்த்துப் பார்த்துச் சவ்வுகள் கூர்மையாகத் தெரியும் கோணத்தில் எடுத்த படமே சாட்சியாகும். தடமறியும் பொருளைக் குடலின் உள்வெளிப் பக்கமிருந்து செலுத்தி, அது இணைப்பைத் தாண்டிப் பக்க இடைவெளிக்குள் இறங்குகிறதா என்று பார்த்தால்தான் கசிவு என்ற சொல்லுக்கு உரிமை வரும்.

எனவே ‘காலராவில் எபிதீலியம் சிதைவதில்லை’ என்ற பாடநூல் வாக்கியம் நிற்கட்டும். ‘மாறுவதில்லை’ என்று அதை நீட்டுவது தவறு. குடல் எபிதீலியத்தின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களை வெளியிடுவோரும் அவற்றை ஏற்கும் இதழ்களும், ஒவ்வொரு படத்தின் கீழும் மூன்று தகவல்களையாவது கட்டாயமாக்க வேண்டும்: பதக்கரைசலின் ஊடுபரவல் அடர்த்தி, வெட்டு குடலுறிஞ்சியின் எந்தப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது என்பது, நோயாளி கடைசியாக வாய்வழியே குளுக்கோஸ் எடுத்துக்கொண்ட நேரம்.