அடக்க விலை தேடிய கதை

ஸ்டாக்கை வருஷத்துக்கு ஒரு முறை எண்ணுவது பழைய வழக்கம், நாள்தோறும் தொடர்ந்து எழுதுவது கம்ப்யூட்டர் வந்தபின் பிறந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். வரலாறு கிட்டத்தட்ட தலைகீழாக இருக்கிறது.

1494இல் வெனிஸ் நகரில் லூக்கா பாச்சோலி என்ற பிரான்சிஸ்கன் துறவி ஒரு கணித நூலை அச்சிட்டார். அதன் ஒரு பகுதி அவ்வூர் வணிகர்களின் இரட்டைப் பதிவு முறையை விளக்கியது. இஞ்சி வாங்கினால் பேரேட்டில் இஞ்சிக்கென்று தனிக் கணக்கு. வாங்கிய எடையும் விலையும் ஒரு பக்கம், விற்றது மறுபக்கம். கையிருப்பு எவ்வளவு என்பதை மூட்டையைத் தொடாமலே ஏட்டைப் பார்த்துச் சொல்லலாம். சரக்கு முழுதும் விற்றதும் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் லாப நட்டக் கணக்குக்குப் போகும். தொடர் இருப்புக் கணக்கின் விதை இதில்தான் இருந்தது. ஆனால் பாதிச் சரக்கு விற்றபோது, அந்தப் பாதியின் அடக்கம் எவ்வளவு என்று தனியே எடுத்துக்காட்டும் பழக்கம் அதில் இல்லை.

சில வகைச் சரக்கை மொத்தமாக விற்றவருக்கு இது போதும். நூற்றுக்கணக்கான பொருளைச் சில்லறையாக விற்கும் கடைக்காரர் ஒவ்வொன்றுக்கும் பேரேட்டில் பக்கம் திறந்தால், எழுதுவதற்கே ஆள் வைக்க வேண்டும். அவர் வேறு வழியில் போனார். வாங்கியதையெல்லாம் கொள்முதல் என்ற ஒரே கணக்கில் போட்டார், விற்றபோது விற்ற தொகையை மட்டும் எழுதினார், வருஷ முடிவில் கடையைப் பூட்டி எண்ணினார். ஆரம்ப இருப்போடு கொள்முதலைக் கூட்டி, எண்ணிக் கண்ட இருப்பைக் கழித்தால் மீதி விற்ற சரக்கின் அடக்கம். இதுதான் காலமுறை இருப்புக் கணக்கு.

1879இல் ஓஹையோவின் டேட்டன் நகரில் மதுக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் ரிட்டி, ஊழியர் கைவரிசையைத் தடுக்க கல்லாப் பெட்டி இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். எவ்வளவு பணம் வந்தது என்று அது சொல்லும். எந்தப் பொருள் போனது, அதன் அடக்கம் என்ன என்று சொல்லாது. ஆகவே கடைக்காரர் எண்ணிக்கொண்டேதான் இருந்தார்.

அதே மாநிலத்தின் டிராய் ஊரில், 1974 ஜூன் 26 அன்று மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் ஜூசி ஃப்ரூட் சூயிங்கம் கட்டு ஒன்று பார்கோடு ஸ்கேனரைக் கடந்தது. விலை 67 சென்ட். பார்கோடில் விலை இல்லை, பொருளின் எண் மட்டுமே. விலையைக் கடையின் கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுத்தது. பொருளின் எண் கல்லாவிலேயே பதிவாகிவிட்டால், இருப்பில் ஒன்றைக் குறைக்கவும் அதன் அடக்கத்தை எடுக்கவும் முடியும். ஒரே நாளில் கடைகள் மாறிவிடவில்லை, கருவியின் விலை அப்படி. வழி மட்டும் திறந்துவிட்டது.

அந்த வழியில் கணக்கு எப்படி மாறும்? ஒரு மாதத்தைக் கற்பனை செய்வோம். ஆரம்பத்தில் 100 கட்டு, அடக்கம் தலா 40 சென்ட். நடுவில் 200 கட்டு, தலா 46 சென்ட். ஆக 132 டாலர் சரக்கு. மாத முடிவில் எண்ணினால் 90 கட்டு இருக்கிறது. முதலில் வந்தது முதலில் போகும் என்று வைத்துக்கொண்டால் அந்த 90-உம் 46 சென்ட் சரக்கு, மதிப்பு 41.40 டாலர். காலமுறைப்படி விற்ற சரக்கின் அடக்கம் 90.60 டாலர்.

தொடர் முறையில் ஒவ்வொரு விற்பனைக்கும் இரண்டு பதிவு. வந்த பணம் விற்பனையில் சேரும், போன கட்டின் அடக்கம் இருப்பிலிருந்து இறங்கும். ஸ்கேனர் 205 கட்டு விற்றது என்கிறது. முதல் 100 கட்டுக்கு 40 டாலர், அடுத்த 105-க்கு 48.30, ஆக அடக்கம் 88.30. ஏட்டின்படி 95 கட்டு இருக்க வேண்டும், எண்ணினால் 90. காணாமற்போன ஐந்தின் அடக்கம் 2.30 டாலர். இதைக் கூட்டினால் அதே 90.60 வந்துவிடுகிறது!

தொகை ஒன்றுதான், ஆனால் காலமுறையில் திருட்டும் உடைசலும் விற்பனையின் வேஷம் போட்டுக்கொண்டு அடக்கத்துக்குள் புகுந்துவிடுகின்றன. தொடர் முறையில் அவை தனி வரியாக நிற்கும். சராசரி விலையில் கணக்கிட்டால் தொகையே மாறும். காலமுறையில் 132 டாலரை 300 கட்டுக்குப் பங்கிட்டு, தலா 44 சென்ட் என்று எல்லாவற்றுக்கும் போடுவார்கள். புதுச் சரக்கு வருமுன்பே விற்ற கட்டும் அந்த விலையைச் சுமக்கும். தொடர் முறையில் அதன் அடக்கம் 40 சென்ட்தான்.

ஆனால் அந்த ஐந்து கட்டு தொலைந்ததைச் சொன்னது ஸ்கேனர் அல்ல, கையால் எண்ணியதுதான். கல்லாவில் இருப்பவர் ஒரே விலையுள்ள மூன்று சுவைகளை வாங்குபவரிடம் ஒன்றையே மூன்று முறை ஸ்கேன் செய்தால் பில் சரியாகவே இருக்கும். ஏட்டிலோ ஒரு சுவை இரண்டு கூடுதலாகக் குறைந்திருக்கும், மற்ற இரண்டும் அசையாமல் நிற்கும். கையிருப்பு மைனஸில் காட்டும் பொருளைத் திரையில் கண்டால், அனுபவமுள்ள கணக்கர் முதலில் அதே விலையுள்ள பக்கத்துப் பொருளைத்தான் போய் எண்ணுவார்.