உலகைச் சுற்ற ஒரே டிக்கெட்: எத்தனை மைல், எத்தனை விமானம்?

படிப்பு முடிந்தது. வேலையில் சேர இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. "ஒரே டிக்கெட்ல உலகத்தையே சுத்திட்டு வரலாமாமே" என்று நண்பர் சொல்கிறார். உண்மைதான், அப்படி ஒரு பயணச்சீட்டு இருக்கிறது. ஆனால் அதன் விலை நீங்கள் பார்க்கும் நகரங்களின் எண்ணிக்கையை வைத்து முடிவாவதில்லை.

விலையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

இதில் இரண்டு முறைகள் இருக்கின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இடம்பெற்றுள்ள ஸ்டார் அலையன்ஸ் கூட்டணி மொத்தத் தூரத்தைப் பார்க்கிறது. 26,000, 29,000, 34,000, 39,000 மைல் என்று படிகள் உண்டு. ஒரு படியின் வரம்பைத் தாண்டினால் அடுத்த படியின் விலையைக் கொடுக்க வேண்டும்.

மலேசியா ஏர்லைன்ஸ் இடம்பெற்றுள்ள ஒன்வேர்ல்டு கூட்டணியின் எக்ஸ்ப்ளோரர் டிக்கெட், தூரத்தைப் பார்ப்பதில்லை. எத்தனை கண்டங்களைத் தொடுகிறீர்கள் என்பதே கணக்கு. ஆனால் ஒரு கண்டத்துக்குள் 4 விமானங்கள்தான் எடுக்கலாம். வட அமெரிக்காவுக்கு மட்டும் 6. மொத்தம் 16.

இரண்டுக்கும் பொதுவான விதிகளும் உண்டு. கிழக்கு அல்லது மேற்கு என ஒரே திசையில் போக வேண்டும். பசிபிக், அட்லாண்டிக் இரண்டையும் கடக்க வேண்டும். புறப்பட்ட நாட்டிலேயே பயணம் முடிய வேண்டும். அதிகபட்சம் ஓராண்டுக்குள் திரும்பிவிட வேண்டும்.

ஒரு பயணத்தைப் போட்டுப் பார்ப்போம்

சிங்கப்பூரில் கிளம்பி தோக்கியோ, சான் ஃபிரான்சிஸ்கோ, நியூயார்க், லண்டன், இஸ்தான்புல் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறீர்கள். மொத்தம் சுமார் 21,400 மைல். 26,000 மைல் படியிலேயே அடங்கிவிடும். இன்னும் 4,600 மைல் மிச்சம்.

"அப்படின்னா பிரேசிலையும் சேர்த்துக்கலாமே" என்று தோன்றும். நியூயார்க் பக்கத்திலுள்ள நியூவர்க் விமான நிலையத்திலிருந்து சாவ் பாலோ ஏறக்குறைய 4,770 மைல். அங்கிருந்து நேராக லண்டன் போகும் விமானங்கள் இந்தக் கூட்டணியைச் சேர்ந்தவை அல்ல. அதனால் கூட்டணியிலுள்ள போர்ச்சுகல் விமானத்தில் லிஸ்பன் போய், அங்கிருந்து லண்டன் போக வேண்டும். இப்போது மொத்தம் சுமார் 28,600 மைல்.

ஒரே ஒரு நாட்டைச் சேர்த்ததும் 29,000 மைல் படிக்குப் போய்விட்டீர்கள். அதிலும் மிச்சம் இருப்பது 400 மைல்தான். தோக்கியோவிலிருந்து ஒக்கினாவாவுக்கு ஒரு நடை போய்வர ஆசைப்பட்டால் இன்னும் 1,900 மைல் கூடும். உடனே 34,000 மைல் விலை!

இதே பயணத்தை ஒன்வேர்ல்டு முறையில் பார்த்தால் கணக்கு வேறு. பிரேசிலைச் சேர்த்தால் மூன்று கண்டங்கள் நான்காகும், விலையும் ஏறும். ஆனால் ஒக்கினாவா போய்வந்தால் கண்டம் கூடாது. விமான எண்ணிக்கையில் இரண்டு மட்டும் கழியும்.

பலர் சறுக்கும் இடங்கள்

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க்குக்கு ரயிலில் போனால் மைல் மிச்சமாகும் என்று நினைக்காதீர்கள். நடுவில் தரைவழியாகப் போகும் தூரமும் ஸ்டார் அலையன்ஸ் கணக்கில் சேரும். ஒன்வேர்ல்டு எக்ஸ்ப்ளோரரில் அது 16இல் ஒன்றாகக் கழியும்.

நகரங்களை மட்டும் எண்ணுவதும் தவறு. மேலே சொன்ன பயணத்தில் லிஸ்பனில் நீங்கள் இரண்டு மணி நேரம் மட்டுமே இருந்து விமானம் மாறினாலும், அது இரண்டு விமானங்களாகத்தான் கணக்காகும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. "லண்டன் விமானத்தை விட்டுட்டு, வேற வழியில இஸ்தான்புல் போயிக்கலாம்" என்று முடிவெடுத்துவிட வேண்டாம். முன்கூட்டியே சொல்லாமல் ஒரு விமானத்தில் ஏறாவிட்டால், மீதமுள்ள விமானங்கள் எல்லாம் ரத்தாகலாம். தேதியை மாற்றுவது பொதுவாக எளிது. பாதையை மாற்றினால் டிக்கெட்டைப் புதிதாக எழுத வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு.

அப்போ என்ன செய்யலாம்?

போக நினைக்கும் ஊர்களை வரிசையாக எழுதுங்கள். கூட்டணிகளின் இணையத்தளங்களில் இருக்கும் பயணத் திட்டக் கருவியில் அவற்றைப் போட்டால் மொத்தக் கணக்கு தெரியும். படியின் வரம்பைக் கொஞ்சம்தான் தாண்டுகிறதென்றால், எந்த ஊர் தள்ளிவிடுகிறது என்று பாருங்கள்.

நம் பயணத்தில் அது ஒக்கினாவா. போன இடத்துக்கே திரும்பி வரும் இந்த மாதிரிக் கிளைப் பயணத்துக்குத் தனி டிக்கெட் வாங்கலாம். தோக்கியோவிலிருந்து மலிவு விமானத்தில் போய்விட்டு தோக்கியோவுக்கே வந்துவிட்டால், அந்த மைல்கள் உலகச் சுற்று டிக்கெட்டில் சேராது. அந்தத் தனி டிக்கெட்டின் விலையையும் 29,000, 34,000 படிகளுக்கு இடையிலான வித்தியாசத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். விமான நிலைய வரிகள் இந்த விலைக்கு மேல் தனியாக வரும் என்பதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.