பழைய கடவுச்சொல் பெட்டகத்தைச் சுத்தம் செய்வது எப்படி?

வைத்திக்குப்பத்தில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தினர் அண்மையில் தங்கள் பிட்வார்டன் பெட்டகத்தைத் திறந்து காட்டினார்கள். உள்ளே 186 பதிவுகள் இருந்தன. ரயில் முன்பதிவுக் கணக்கு மட்டும் மூன்று இடத்தில், மூன்று வேறு கடவுச்சொற்களுடன் இருந்தது. எது சரியானது என்று அத்தாவுக்கும் தெரியவில்லை, மகனுக்கும் தெரியவில்லை.

காரணம் எளியது. குரோம் உலாவியில் சேமித்திருந்தவற்றை மகன் ஒரு முறை பெட்டகத்துக்கு மாற்றினார். சில மாதம் கழித்து அதே வேலையை மறுபடியும் செய்தார். பிட்வார்டன் இறக்குமதி செய்யும்போது, ஒரு பதிவு ஏற்கெனவே உள்ளதா என்று பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் புதிதாகவே சேர்த்துவிடும்.

இரட்டைப் பதிவுகளை எடுத்தவுடன் அழித்துவிடக் கூடாது. பதிவில் காணும் தேதியையும் நம்ப முடியாது, ஏனென்றால் அது பெரும்பாலும் இறக்குமதி செய்த நாளைத்தான் காட்டும். உலாவியின் தனிப்பட்ட சாளரத்தைத் திறந்து, ஒவ்வொரு கடவுச்சொல்லையும் போட்டு நுழைந்து பார்ப்பதே வழி. ஆனால் வங்கித் தளங்கள் சில தவறான முயற்சிகளுக்குப் பின் கணக்கைப் பூட்டிவிடும். அங்கே சோதித்துப் பார்க்காமல், நேராகப் புதிய கடவுச்சொல் அமைத்துவிடுவது நல்லது. உள்ளே விட்ட பதிவை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள். நீக்கியவை 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், தவறு நேர்ந்தால் மீட்கலாம்.

அடுத்தது, ஒரே கடவுச்சொல்லைப் பல இடத்தில் வைத்திருப்பது. அந்தக் குடும்பத்தில் 34 கணக்குகளுக்கு ஒரே சொல். அவற்றுள் ஒன்று, மகன் சென்னையில் வேலை பார்த்தபோது திறந்த பிக்பாஸ்கெட் கணக்கு. 2020இல் அந்நிறுவனத்தின் சுமார் 2 கோடி வாடிக்கையாளர்களின் விவரங்கள் திருடப்பட்டது செய்தியானது. 2021இல் அவை இணையத்தில் கொட்டப்பட்டன. கடவுச்சொற்கள் மறைகுறியாக்கத்தில் இருந்தாலும், எளிதான சொல்லை ஊகித்து உடைத்துவிடலாம். பிறகு அதே மின்னஞ்சலையும் சொல்லையும் வேறு தளங்களில் இயந்திரத்தால் போட்டுப் பார்ப்பார்கள். மளிகைக் கணக்கில் நடந்த திருட்டு மின்னஞ்சலுக்குள் வந்துவிடுவது இப்படித்தான்.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது மின்னஞ்சல் கடவுச்சொல்லை. மற்றக் கணக்குகளின் மறந்துபோன சொல்லை மீட்கும் கடிதம் அங்கேதானே வருகிறது! அதன் பின் வங்கி, பிறகு பணம் செலுத்தும் தளங்கள், கடைசியில் மற்றவை. ஒரே நாளில் 34ஐயும் மாற்ற முயல வேண்டாம். பெட்டகம் உருவாக்கித் தரும் புதிய சொல்லை முதலில் பெட்டகத்தில் சேமித்து, பின்னரே தளத்தில் மாற்றுங்கள். உடனே வெளியேறி மீண்டும் நுழைந்து பாருங்கள். சில தளங்கள் நீளமான சொல்லைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். நுழைய முடியாதபோதுதான் அது தெரியும். பழைய சொல் பதிவின் வரலாற்றில் இருக்கும்.

பலவீனமான சொற்களைக் கண்டுபிடிக்க அறிக்கைகள் உள்ளன. கூகுள் கடவுச்சொல் மேலாளரிலும் கீபாஸ்எக்ஸ்சி மென்பொருளிலும் இது இலவசம். பிட்வார்டனில் பலவீனமானவை, மறுபயன்பாட்டில் உள்ளவை பற்றிய அறிக்கைகளுக்குக் கட்டணம் உண்டு. பிட்வார்டனில் கசிவைச் சோதிக்கும்போது கடவுச்சொல் வெளியே போவதில்லை. அதன் மறைகுறி உருவத்தின் முதல் 5 எழுத்துகள் மட்டுமே அனுப்பப்படும்.

ஆனால் இந்த அறிக்கைகளுக்கு ஒரு குறை உண்டு. ஆங்கிலச் சொற்களையும் மேலைநாட்டுப் பெயர்களையும் வைத்தே பலவீனத்தைக் கணிக்கும் முறைகள் பரவலாக இருக்கின்றன. `Vaithikuppam@1987` என்பதை வலுவானது என்று அவை சொல்லிவிடலாம். நம் ஊரையும் பிறந்த ஆண்டையும் அறிந்தவருக்கோ அது எளிது. `Pondy@123`, `Pondy@1234` என்று சிறிது மாற்றி வைத்தவற்றையும் மறுபயன்பாடு என்று காட்டுவதில்லை, ஏனெனில் முழுதும் ஒத்தவற்றையே அவை எண்ணும். வீட்டார் வழக்கமாக வைக்கும் சொல் என்னவென்று உங்களுக்குத்தான் தெரியும். பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறக்கும்போது அதைத் தேடுங்கள்.

இறுதியாக, கணினியின் பதிவிறக்கக் கோப்புறையைப் பாருங்கள். மகன் குரோமிலிருந்து எடுத்த `.csv` கோப்பு இரண்டும் அங்கேயே கிடந்தன. அவற்றில் எல்லாக் கடவுச்சொற்களும் பூட்டின்றி, வாசிக்கக்கூடிய எழுத்தில் இருந்தன. அதை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். மேகச் சேமிப்பில் நகல் போயிருந்தால் அதையும் நீக்குங்கள். காப்புப் பிரதி தேவையென்றால் கடவுச்சொல் பூட்டிய ஏற்றுமதியாகவே எடுங்கள். எல்லாம் முடிந்தபின் குரோமில் சேமித்திருக்கும் பழைய சொற்களையும் நீக்கி, அது புதிதாகச் சேமிப்பதையும் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் சில மாதத்தில் மீண்டும் இரண்டு பெட்டகங்கள் உருவாகிவிடும்.